ஒரு வருடம் முந்தி ஓய்வு பெற்ற சகலை

கோயம்புத்தூரில் இரண்டு சகலைகள். அக்காவைக் கட்டியவர் 2007 டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். தங்கையைக் கட்டியவர் சரியாக ஒரு வருடம் கழித்து, 2008 டிசம்பரில். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து இருவர் கைக்கும் ஆளுக்கு 1 கோடி ரூபாய் வருகிறது. இருவரும் அதை அப்படியே சென்செக்ஸைப் பின்தொடரும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போடுகிறார்கள். முதல் வருடச் செலவுக்கு 5 லட்சம், அதாவது மாதம் நாற்பதாயிரத்துச் சொச்சம். விலைவாசிக்காக வருடத்துக்கு 8% கூட்டிக்கொள்வது என்று முடிவு. ஆடம்பரம் ஏதும் இல்லை.

சகலைகள் கற்பனை, சந்தை எண்கள் கற்பனை அல்ல. 2007 முடிவில் சென்செக்ஸ் 20,287. அடுத்த டிசம்பரில் 9,647. அதற்கடுத்த டிசம்பரில் 17,465. பிறகு ஏறி, இறங்கி, மீண்டும் ஏறி 2013 முடிவில் 21,171. ஆக, மூத்த சகலை ஓய்வு பெற்ற நாளைவிடச் சந்தை கொஞ்சம் மேலேயே வந்துவிட்டது.

அவர் பணம் வரவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த வருடச் செலவை எடுத்து, மீதியைச் சந்தையோடு ஓட விட்டுக் கணக்குப் போட்டால், ஆறு வருடத்தில் அவர் எடுத்தது சுமார் 37 லட்சம். மிச்சம் இருப்பது 56 லட்சம். அந்தக் கோடியைப் பீரோவில் பூட்டி வைத்து எடுத்துச் செலவழித்திருந்தால்கூட 63 லட்சம் இருந்திருக்கும்! (டிவிடெண்டைச் சேர்த்தால் நாலைந்து லட்சம் கூடும், அப்போதும் பீரோவோடு சமன்தான்.) இளைய சகலைக்கோ, ஐந்து வருடச் செலவு போக, 1 கோடியே 80 லட்சம்.

“ஏனுங்க சகல, சந்தைதான் திரும்பி வந்திருச்சுங்களே, எம் பணம் எங்கீங்க போச்சு?” என்று மூத்தவர் கேட்டால் அதற்குப் பதில் இருக்கிறது. சந்தை பாதியாகக் கிடந்தபோது அவர் செலவுக்காக யூனிட்களை விற்றார். வழக்கமாக விற்பதைப் போல இரண்டு பங்கு யூனிட் விற்றால்தான் அதே ரூபாய் கிடைத்தது. பின்னால் சந்தை 81% ஏறியபோது, ஏறுவதற்கு அந்த யூனிட்கள் அவர் கணக்கில் இல்லை. சம்பளக்காரர் எஸ்.ஐ.பி. போடும்போது விழும் சந்தை அவருக்கு நண்பன். மாதாமாதம் எடுக்கிறவருக்கு அதே சந்தை, அதே சராசரி வருமானம் இருந்தும், வரிசை மாறினால் போதும், ஆளைச் சாய்த்துவிடும். அதிலும் முதல் ஐந்தாறு வருடங்கள்தான் கண்டம்.

இந்தக் கண்டத்தைத் தாண்ட வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று முறையாகக் கணக்குப் பார்த்தவர் வில்லியம் பெங்கன். எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்து, குடும்பத்தின் குளிர்பான பாட்டில் தொழிலைப் பார்த்து, பிறகு கலிஃபோர்னியாவில் நிதி ஆலோசகர் ஆனவர். சராசரி வருமானத்தை நம்பாமல், 1926 முதலான அமெரிக்கச் சந்தைக் கணக்கை எடுத்து, இந்த வருடம் ஓய்வு பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும், அந்த வருடம் பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். பாதி பங்கு, பாதி அரசுக் கடன் பத்திரம், 30 வருட ஆயுள். மிக மோசமான காலத்தில், அதாவது 1960களின் பிற்பாதியில் ஓய்வு பெற்று, எழுபதுகளின் விலையேற்றத்திலும் சந்தைச் சரிவிலும் சிக்கியவருக்குக்கூடத் தாக்குப்பிடித்த விகிதம் ஏறக்குறைய 4%. 1994இல் வெளியான இந்தக் கணக்குதான் ‘4 சதவீத விதி’ ஆனது.

இதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மிச்சத்தில் 4% எடுப்பது அல்ல இது. முதல் வருடம் மட்டும்தான் 4%. 1 கோடிக்கு 4 லட்சம். அடுத்த வருடத்திலிருந்து அந்த 4 லட்சத்தை விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டே போவது. சந்தை என்ன ஆனாலும் வாழ்க்கைத்தரம் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

அமெரிக்கச் சட்டை நமக்கு அப்படியே பொருந்தாது. மேலே சொன்ன ஆறு வருடங்களில் நம் ஊர் விலைவாசி ஏற்றம் பெரும்பாலும் 8%க்கு மேல்தான் இருந்தது. இன்னொன்று, சென்செக்ஸுக்கு அடிப்படை ஆண்டே 1978-79. முழுசாக இரண்டு 30 வருடக் காலங்களைக்கூட நம் சந்தை இன்னும் பார்க்கவில்லை. ‘மிக மோசமான காலம்’ வந்து போய்விட்டதா, இனிமேல்தானா என்று சொல்ல ஆதாரம் போதாது. அதனால்தான் இங்கே கணக்குப் பார்க்கிறவர்கள் பலர் 3 முதல் 3.5 சதவீதத்தில் நின்றுகொள்கிறார்கள். மாதம் 1% எடுக்கலாம் என்று எஸ்.டபிள்யூ.பி. விற்க வரும் முகவர் சொல்வது வருடத்துக்கு 12%. எந்த நாட்டுக் கணக்கிலும் அது தாங்காது.

மூத்த சகலை வேறு எப்படிச் செய்திருக்கலாம்? பாதியை, அதாவது 50 லட்சத்தை, 8% வட்டி தரும் டெபாசிட்களில் வைத்திருந்தால்? அந்த வருடங்களில் அது கிடைத்த வட்டிதான். செலவு முழுவதையும் டெபாசிட்டிலிருந்தே எடுத்து, பங்குப் பக்கம் கையே வைக்காமல் விட்டிருந்தால், அதே 5 லட்சச் செலவில் 2013 முடிவில் அவரிடம் 84 லட்சம் இருந்திருக்கும். செலவை 3.5 லட்சத்தில் தொடங்கியிருந்தால் 98 லட்சம். (வரியை இங்கே கழிக்கவில்லை.) சந்தை ஆறு வருடம் ஒரே இடத்தில் நின்ற காலத்தில், விலைவாசிக்குக் கூட்டிக் கூட்டி எடுத்தும், முதல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. டெபாசிட் இங்கே பெரிய வருமானம் எதுவும் தரவில்லை. விழுந்த சந்தையில் விற்காமல் இருக்க அவகாசம் தந்தது, அவ்வளவுதான்.

‘எதற்கு வம்பு, எல்லாவற்றையும் டெபாசிட்டிலேயே போட்டு வட்டியை மட்டும் எடுத்தால் முதல் பத்திரமாக இருக்குமே’ என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தை 8.2% வட்டியில் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். நல்ல திட்டம்தான். ஆனால் அந்த வட்டி முழுவதையும் செலவழித்தால் எடுப்பு விகிதம் 8.2% என்பதை மறந்துவிடுகிறோம். விலைவாசி வருடத்துக்கு 6% ஏறினால், 12 வருடத்தில் அந்த 30 லட்சம் வாங்கும் சாமான் இன்றைய 15 லட்சத்துக்கானதுதான். வரும் வட்டியின் கதையும் அதேதான். முதலைத் தொடவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, விலைவாசி தொட்டுக்கொண்டிருக்கிறது.

இனி பென்ஷன். விலைவாசியோடு கூடும் அகவிலைப்படியுடன் பழைய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்குக் கிடைக்கும் இ.பி.எஸ். பென்ஷன் வேறு ரகம். சராசரிச் சம்பளத்தைப் பணி வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். ஆனால் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. 35 வருடம் உழைத்தவருக்கே 7,500 பக்கம்தான் வரும். அகவிலைப்படி கிடையாது.

அடுத்தது ஆன்யுட்டி. ஒரு தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாதாமாதம் பென்ஷன். என்.பி.எஸ்.ஸில் இருக்கும் அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறும்போது, திரட்டிய தொகையில் 40%க்கு இதை வாங்கியே ஆக வேண்டும். இதில் இரண்டு முக்கிய வகை உண்டு. நமக்குப் பின் முதல் வாரிசுக்குத் திரும்பி வரும் வகையைத்தான் நம்மவர்கள் விரும்புகிறார்கள். அது கிட்டத்தட்ட வெறும் வட்டிதான். முதல் திரும்பாத வகையில் பென்ஷன் கூடுதல். சீக்கிரம் காலமானவர்களின் பணம் நீண்ட நாள் வாழ்பவர்களுக்குப் போய்ச் சேர்வதால்தான் அந்தக் கூடுதல். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்துவிடுவோமோ என்ற பயத்துக்கு இதுதான் மருந்து. அறுபதைவிட எழுபதில் வாங்கினால் அதே பணத்துக்கு இன்னும் அதிகம் கிடைக்கும்.

ஒரு கணக்கு. குடும்பச் செலவு மாதம் 40,000. இ.பி.எஸ். 5,000. மீதி 35,000ஐ 1 கோடியிலிருந்து எடுத்தால் விகிதம் 4.2%. அந்தக் கோடியில் 15 லட்சத்துக்கு, முதல் திரும்பாத ஆன்யுட்டி வாங்கி அது 8% தருவதாக வைத்துக்கொண்டால், மாதம் 10,000 வரும். இப்போது சேமிப்பிலிருந்து 25,000 எடுத்தால் போதும்; மிச்சமுள்ள 85 லட்சத்தில் அது 3.5% தான்.

இதிலும் ஒரு உள்குத்து உண்டு. அடுத்த வருடம் செலவு 6% கூடி 42,400 ஆகும். பென்ஷன் அதே 15,000. கூடிய 2,400 முழுவதும் சேமிப்பின் தலையில் விழுகிறது; 25,000 என்பது 27,400 ஆகிவிடும். அதாவது கிட்டத்தட்ட 10% ஏற்றம். ஆகவே ஆன்யுட்டி வாங்கியாகிவிட்டது என்று பங்கு முழுவதையும் விற்றுவிடக் கூடாது. அந்த ஏற்றத்தைச் சுமக்கப் பங்கு ஒன்றுக்குத்தான் தெம்பு உண்டு.

நிலைமை கைமீறுகிறதா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு வகுத்தல் போதும். அந்த வருடம் எடுக்கப்போகும் தொகையைக் கையில் இருக்கும் மொத்தத்தால் வகுக்க வேண்டும். இது மிச்சமிருக்கும் வருடங்களையும் பார்த்துப் படிக்க வேண்டிய எண். எண்பது வயதில் 7% வந்தால் பயமில்லை, 66 வயதில் வந்தால் ஆபத்து. மூத்த சகலைக்கு ஆறு வருடத்தில் வந்த எண் 14. அது 6ஐத் தொட்ட வருடமே செலவைக் கூட்டாமல் நிறுத்தியிருந்தால் சுமை கொஞ்சம் குறைந்திருக்கும். அப்படி எண் 6ஐத் தாண்டும்போது அந்த வருட உயர்வை விட்டுக்கொடுங்கள். காரை மாற்றுவதையும் பேரன் கல்யாணச் செலவையும் சந்தை ஏறிய வருடத்துக்குத் தள்ளுங்கள்.