ஆயுள் ரேகை குட்டையா இருந்தா ஆயுசு குறைவா?

கை பார்க்க ஆரம்பிக்கிறவங்க முதல்ல பயப்படுற இடம் இதுதான். அதுக்கு முன்னாடி மூணு ரேகையும் எங்கே இருக்குன்னு பார்த்துடலாம்.

விரல்களுக்குக் கீழே, சுண்டுவிரல் பக்கம் தொடங்கிக் குறுக்கே போவது இருதய ரேகை. அது ஆள்காட்டி விரலுக்குக் கீழே முடிந்தால் அன்பில் எதிர்பார்ப்பு அதிகம் என்பார்கள். நடுவிரலுக்குக் கீழே நின்றுவிட்டால் தன் விருப்பமே முதலில் என்பார்கள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தொடங்கி உள்ளங்கையைக் கடப்பது புத்தி ரேகை. ஏறக்குறைய அதே இடத்தில் தொடங்கி, கட்டைவிரல் மேட்டைச் சுற்றி மணிக்கட்டை நோக்கி இறங்குவது ஆயுள் ரேகை. இரண்டும் ஒட்டித் தொடங்கினால் எச்சரிக்கை குணம், இடைவெளி இருந்தால் துணிச்சல்.

இப்போ ஒரு கையில் ஆயுள் ரேகை பாதியிலேயே நிற்குதுன்னு வைங்க. உடனே பலன் சொல்லாதீங்க. கையை லேசா மடக்கி, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. பெரும்பாலும் பக்கத்துலயே இன்னொரு கோடு தொடங்கி மணிக்கட்டு வரை இறங்கும். இதை ஊர் மாற்றம், வாழ்க்கை மாற்றம் என்றுதான் சாஸ்திரம் படிக்கிறது. ரேகையின் நீளத்தை வயசாகக் கணக்கிடுவதில்லை; ஆழத்தை உடல் வலுவாகப் பார்க்கிறார்கள்.

உண்மையில் இவை தோல் மடிப்புகள். கர்ப்பத்தின் முதல் சில மாதங்களிலேயே உருவாகிவிடுகின்றன. கை மடங்கும்போது தோல் கசங்காமல் மடிய உதவுகின்றன. ஆயுளை அளக்கும் வேலை அவற்றுக்கு இல்லை. அதனால யார் கையைப் பார்த்தாலும் சாவு நாள் மட்டும் சொல்லாதீங்க.