சிவப்பு லைட்டில் எஞ்சினை நிறுத்தினால் லாபமா?

பெற்றோல் விலை ஏறும் நாட்களில் ரொறன்ரோவில் எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும் இந்த வாக்குவாதம் வந்துவிடுகிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய தலைமுறை, "லைட்டில நிண்டா எஞ்சினை நிப்பாட்டு, காசு மிச்சம்" என்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளோ, "அப்பா, சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணினா ஸ்டார்ட்டர் போயிடும்" என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நம்மில் பலர் ஓட்டும் 1.8 லீற்றர் எஞ்சின் கொண்ட ஒரு சாதாரண காரை எடுப்போம். எஞ்சின் சூடாகி, கார் சும்மா நிற்கும்போது மணிக்குச் சுமார் 0.8 லீற்றர் பெற்றோல் குடிக்கும். லீற்றர் 1.50 டாலர் என்று வைத்தால், ஒரு நிமிடத்துக்கு இரண்டு சதம்.

நிறுத்திய எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவும் பெற்றோல் வேண்டும். ஆனால் அது பழைய கார்புரேட்டர் காலம் போல இல்லை. இன்றைய எஞ்சினுக்கு அது சுமார் பத்து செக்கன் சும்மா நிற்கும் செலவுதான். ஆகவே பெற்றோலை மட்டும் பார்த்தால் மாமாமார் சொல்வது சரி.

இனித் தேய்மானம். சூடான எஞ்சினுக்குள் எண்ணெய்ப் படலம் ஒரு நிமிடத்தில் காய்ந்து போவதில்லை. அதனால் எஞ்சினுக்குப் பெரிய பாதிப்பில்லை. அடி விழுவது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் பற்றரிக்கும்தான். சாதாரண காரின் ஸ்டார்ட்டர் முப்பதாயிரம் தடவை தாங்கும் என்றும், அதை மாற்ற 500 டாலர் ஆகும் என்றும் எடுப்போம். அப்படியென்றால் ஒவ்வொரு ஸ்டார்ட்டும் ஏறக்குறைய 1.7 சதம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வேலைக்குப் போக எட்டு, வர எட்டு என்று ஒரு நாளைக்குப் பதினாறு லைட்டில் ஒவ்வொரு நிமிடம் நிற்கிறீர்கள். 250 வேலை நாளில் அது 4,000 தடவை. திரும்ப ஸ்டார்ட் பண்ணும் பெற்றோலைக் கழித்தால் வருடத்துக்கு மிஞ்சுவது சுமார் 67 டாலர். அந்த 4,000 ஸ்டார்ட்டுக்கான ஸ்டார்ட்டர் தேய்மானமும் அதே 67 டாலர்! கையில் நிற்பது ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் தளர்ந்து போகும் பற்றரியையும் சேர்த்தால் நட்டம்தான்.

ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் தராசு மறுபக்கம் சாயும். கனடாவின் இயற்கை வளத் திணைக்களமும் 60 செக்கனுக்கு மேல் நின்றால் எஞ்சினை நிறுத்தச் சொல்கிறது. ஆனால் போக்குவரத்தில் நிற்கும்போது வேண்டாம் என்று விலக்கும் தருகிறது. அந்த விலக்கைப் பலர் கவனிப்பதில்லை.

கையால் நிறுத்தினால் ஓரிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் இறுகிவிடும். ஸ்டியரிங் பாரமாகும். பின்னால் ஒருவர் வந்து இடித்தால் காற்றுப்பை வேலை செய்யாமல் போகலாம். பச்சை விழுந்ததும் பார்க்கில் போட்டு, ஸ்டார்ட் பண்ணி, திரும்ப டிரைவுக்கு மாற்ற வேண்டும். அதற்குள் பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்கும். இரண்டு மூன்று சதத்துக்கு இந்தத் தலையிடி தேவையா?

லைட்டில் தானாகவே நின்று, பிரேக்கை விட்டதும் தானாகவே ஸ்டார்ட் ஆகும் கார்களின் கதை வேறு. அவற்றின் ஸ்டார்ட்டர் லட்சக்கணக்கான தடவை தாங்கும்படி செய்யப்பட்டது. பற்றரியும் வேறு வகை. பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அதற்கேற்றபடி அமைந்திருக்கும். தேய்ந்துவிடும் என்று பயந்து ஒவ்வொரு நாளும் அந்தப் பட்டனை அமத்தி நிறுத்துபவர்கள், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வசதியைத்தான் வீணாக்குகிறார்கள்.

இந்தக் கார்களில் கவனிக்க வேண்டியது பற்றரியைத்தான். மிதமான காலநிலையில், எஞ்சின் சூடாகி, ஏசியும் அதிகம் ஓடாத நேரத்தில்கூடக் கார் லைட்டில் தானாக நிற்கவில்லையென்றால், பற்றரி தளர்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். மாற்றும்போது மலிவு என்று சாதாரண பற்றரியைப் போட்டால் அது சீக்கிரமே படுத்துவிடும். பழைய பற்றரியில் எழுதியிருக்கும் அதே வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே என் முடிவு இதுதான். தானாக நிற்கும் கார் என்றால் அதன் போக்கில் விடுங்கள். சாதாரண கார் என்றால் சிவப்பு லைட்டில் சாவியைத் தொடாதீர்கள். மிச்சம் பிடிக்க விரும்பினால் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் நிறுத்துங்கள். அந்த ஒரு ஸ்டார்ட்டில் பதினெட்டு சதம் மிஞ்சும். பதினாறு லைட்டில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினாலும் அந்தக் காசு கிடைக்காது.