வறுத்த கொட்டை ஏன் 'வருத்த' கொட்டை ஆகிறது?

மாட்டுங்காவில் ஒரு காப்பிப் பொடிக் கடைக்காக எடுத்த வீடியோ. கடைக்காரர் "வறுத்த கொட்டைய அப்பவே அரைச்சுத் தர்றோம்" என்கிறார். தானியங்கி வசனவரியில் வந்தது "வருத்த கொட்டை".

காரணம் நம் நாக்கில்தான். அன்றாடப் பேச்சில் ர, ற இரண்டையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே ஒலிக்கிறோம். ஒலி பிரித்துக் காட்டாதபோது, மென்பொருள் தான் படித்த எழுத்தில் எது அதிகம் வந்ததோ அந்தப் பக்கம் சாய்கிறது. ல, ள, ழ குழப்பமும் இப்படித்தான்.

ஆகவே 'வருத்த' என்பதைக் கோப்பு முழுவதும் ஒரே அடியாக மாற்றக்கூடாது. 'வருத்தம்' என்று வேறோர் இடத்தில் சரியாகவே இருக்கலாம். வீடியோவை ஓடவிட்டு வரிவரியாகத் திருத்த வேண்டும்:

```
3
00:00:07,200 --> 00:00:10,000
வறுத்த கொட்டைய
அப்பவே அரைச்சுத் தர்றோம்
```

அடுத்தது தோற்றம். தமிழில் புள்ளி மேலே நிற்கும், உகரக் குறி கீழே இறங்கும். வரி இடைவெளி குறைந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தைச் சுற்றித் தடித்த கறுப்பு ஓரம் போட்டால் ண, ன சுழிகள் அடைந்துபோகும். ஓரத்தை விட்டுவிட்டு, பின்னால் பாதி ஒளி ஊடுருவும் கறுப்புப் பட்டை வைக்கலாம். பிறகு கைபேசியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பாருங்கள்: 'தர்றோம்' என்பதில் இரண்டு புள்ளியும் தெரிகிறதா?