256 எம்பி சன்னலைத் திறப்பது எப்படி?

இன்டெல் ஆர்க் ஏ750 வகை கிராபிக்ஸ் கார்டை வாங்கிப் பழைய கணினியில் பொருத்துகிற பலர், கேம் திக்கித் திக்கி ஓடுவதைப் பார்த்துவிட்டு கார்டே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பழுது கார்டில் இருப்பதில்லை. மதர்போர்டின் பயாஸில் ரீசைஸபிள் பார் என்ற அமைப்பு அணைந்து கிடக்கும்.

கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி நினைவகம் உண்டு. ஏ750-இல் அது 8 ஜிபி. பழைய ஏற்பாட்டின்படி, பிராசசர் அதில் ஒரே சமயத்தில் 256 எம்பி பகுதியைத்தான் நேரடியாகத் தொட முடியும். பெரிய கிடங்குக்குச் சரக்கு ஏற்ற ஒரே ஒரு சிறிய சன்னல் இருப்பது போன்றது இது. வேறு பகுதிக்குத் தரவு போக வேண்டுமானால், டிரைவர் சன்னலை நகர்த்த வேண்டும், அல்லது தரவை இடையில் ஓரிடத்தில் இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும். ரீசைஸபிள் பாரை இயக்கினால் 8 ஜிபி முழுவதும் பிராசசருக்கு நேரடியாகத் திறந்துவிடும். ஆனால் நினைவகத்தின் அளவு இதனால் கூடாது.

பலன் எல்லா கார்டுக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. என்விடியா, ஏஎம்டி டிரைவர்கள் அந்தச் சிறிய சன்னலோடு பல ஆண்டுகள் வாழப் பழகியவை. ஏஎம்டி 2020-இல் ஸ்மார்ட் ஆக்சஸ் மெமரி என்ற பெயரிலும், என்விடியா 2021-இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலும் இந்த வசதியைத் தந்தன. பொதுவாக இவற்றில் ஆதாயம் சில சதவீதம்தான். சில கேம்களில் அதைவிடக் கூடும், சிலவற்றில் வேகம் குறையவும் செய்யும். அதனால்தான் என்விடியா தேர்ந்தெடுத்த கேம்களுக்கு மட்டும் டிரைவரில் இதை இயக்குகிறது. ஆர்க்கின் கதை வேறு. அதன் வடிவமைப்பே திறந்த சன்னலை நம்பி நிற்கிறது. அணைத்துவிட்டால் சராசரி வேகம் வெகுவாகக் குறைவதோடு, காட்சி நடுநடுவே நின்று நின்று போகும்.

பி450 போர்டு, ரைசன் 5 3600 பிராசசர் உள்ள கணினியில் ஏ750 பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். முதலில் போர்டு தயாரிப்பாளரின் புதிய பயாஸை ஏற்ற வேண்டும். பழைய பதிப்புகளில் இந்த அமைப்பே இருக்காது. அடுத்து, பயாஸுக்குள் போகும் முன் விண்டோஸில் `msinfo32` இயக்கி, `BIOS Mode` என்ற வரியைப் பாருங்கள். `UEFI` என்றிருந்தால் கவலையில்லை. `Legacy` என்றிருந்தால், விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை முதலில் ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துக்கொண்டு, பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இவற்றை வரிசையாக இயக்குங்கள்:

```
mbr2gpt /validate /disk:0 /allowFullOS
mbr2gpt /convert /disk:0 /allowFullOS
```

முதல் கட்டளை சோதிக்க மட்டும் செய்யும். அது தேறினால்தான் இரண்டாவதற்குப் போக வேண்டும். விண்டோஸ் இருப்பது 0 எண் டிஸ்க்தானா என்பதை டிஸ்க் மேனேஜ்மென்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே டிஸ்கை சி, டி, ஈ என்று பல டிரைவ்களாகப் பிரிப்பது நம்மூர் வழக்கம். அவற்றில் லாஜிக்கல் பார்ட்டிஷன் இருந்தாலோ, பிரைமரி பார்ட்டிஷன்கள் மூன்றைத் தாண்டினாலோ சோதனை தேறாது. அப்போது கூடுதல் டிரைவ்களில் உள்ளதை வெளியே எடுத்துவிட்டு அவற்றை நீக்க வேண்டும்.

இனி பயாஸ். `CSM` என்பதை அணையுங்கள். `Above 4G Decoding` என்பதை இயக்குங்கள். 8 ஜிபி சன்னலுக்கு 4 ஜிபி எல்லைக்கு மேல்தான் முகவரி ஒதுக்க இடம் உண்டு. அதன் பிறகே `Re-Size BAR Support` என்ற வரி பல போர்டுகளில் கண்ணுக்குத் தெரியும். டிஸ்கை மாற்றாமல் `CSM`-ஐ அணைத்தால் விண்டோஸ் எழாது, ஆனால் தரவு எதுவும் அழியவில்லை. அதை மறுபடி இயக்கினால் பழையபடி எழும். `CSM` அணைந்ததும் திரையே வராவிட்டால், சிமாஸைக் கிளியர் செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம். யூஈஎஃப்ஐ அறியாத மிகப் பழைய கார்டுகளில் இப்படி நேரும்.

பயாஸில் இயக்கியது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஜிபியூ-இசட் செயலி காட்டிவிடும்: `Resizable BAR` என்ற இடத்தில் `Enabled` என்றிருக்க வேண்டும். பலனை அளக்க, கேமின் ஒரே காட்சியை அமைப்பை அணைத்து மூன்று முறை, இயக்கி மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். சராசரி ஃபிரேம் எண்ணிக்கையோடு, மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். திக்கல் குறைந்ததா என்பது இரண்டாவது எண்ணில்தான் தெரியும். இரண்டு மூன்று சதவீத வேறுபாடு ஓட்டத்துக்கு ஓட்டம் தானாகவே வரக்கூடியது. அதை ஆதாயமாகக் கொள்ள முடியாது.

படம் பார்ப்பதிலும் அலுவலக வேலையிலும் எந்த மாற்றமும் தெரியாது. அதனால் பழைய எம்பிஆர் டிஸ்க்கும் என்விடியா அல்லது ஏஎம்டி கார்டும் வைத்திருப்பவர், சில சதவீதத்துக்காக டிஸ்கைப் புரட்டும் சிரமம் தேவையா என்று யோசிப்பது நியாயம். ஆர்க் வாங்குபவருக்கோ இது தவிர்க்க முடியாத வேலை. தன் போர்டு இதைத் தாங்குமா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பயாஸைப் புதுப்பித்தாலோ சிமாஸ் பேட்டரியை மாற்றினாலோ அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடக்கூடும். நேற்றுவரை நன்றாக ஓடிய கேம் அதற்குப் பின் திக்கினால், டிரைவரைக் கழற்றி மாட்டும் முன் இந்த வரியைச் சரிபாருங்கள்.