மேசைக்கு வெளியே ஒரு புத்தகம்

அண்ணன் வீட்டில், பள்ளியில் பரிசு கொடுப்பதற்காக வாங்கிய ஒரே புத்தகத்தின் பிரதிகள் கட்டுக்கட்டாக இருந்தன. கெட்டி அட்டை, 24 செ.மீ. நீளம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் அவற்றை மேசை ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தாள். இரண்டாவதை வைத்ததுமே எல்லாம் சரிந்தது.

"சித்தப்பா, மேல இருக்கிற புக்கு முழுசா மேசைக்கு வெளிய வரணும். பசை ஒட்டாம முடியுமா?"

முடியும், அதற்கு நான்கு புத்தகம் போதும். ஆனால் அவள் அடிப் புத்தகத்தையே முதலில் பாதி வெளியே தள்ளியிருந்தாள். பாதி வெளியே நிற்கும் புத்தகத்தின் எடை மேசை விளிம்பின் இருபுறமும் சமமாக இருக்கிறது. அதற்கு மேல் வெளிப்பக்கமாக எதை வைத்தாலும் கவிழத்தான் செய்யும்.

கணக்கை மேலிருந்து தொடங்க வேண்டும். நான்கையும் மேசை விளிம்போடு நேராக அடுக்கி, முதலில் மேல் புத்தகத்தை மட்டும் தள்ளச் சொன்னேன். அது 12 செ.மீ. வரை போகும், அதாவது பாதி நீளம். அடுத்து மேலே உள்ள இரண்டையும் சேர்த்துத் தள்ள வேண்டும். இப்போது எடை இரண்டு பங்கு. ஒரு பங்கு, மேல் புத்தகம், இரண்டாவதின் விளிம்புக்கு நேரே நிற்கிறது. மற்றது அந்த விளிம்பிலிருந்து 12 செ.மீ. உள்ளே. இரண்டுக்கும் பொதுவான எடைமையம் நடுவில், 6 செ.மீ. உள்ளே இருக்கும். ஆகவே 6 செ.மீ. தள்ளலாம். மூன்றையும் சேர்த்துத் தள்ளும்போது, இரண்டு பங்கு எடை விளிம்பில், ஒரு பங்கு 12 செ.மீ. உள்ளே, 12-ஐ மூன்றால் வகுத்தால் 4 செ.மீ. நான்கையும் தள்ளினால் 3 செ.மீ. எல்லாவற்றையும் கூட்டினால் 12 + 6 + 4 + 3 = 25. புத்தகமோ 24 செ.மீ.தான். மேல் புத்தகம் மேசையை விட்டு முழுவதுமாக வெளியேறிவிடுகிறது!

இது ஏட்டுக் கணக்கு. இந்த அளவுகளில் ஒவ்வொரு இணைப்பும் கவிழும் நிலையில் நிற்பதால், மேசையை லேசாகத் தொட்டாலே விழுந்துவிடும். அதற்கு எளிய மாற்று இருக்கிறது. 12-க்குப் பதில் 11-ஐ வகுத்துக்கொள்ளுங்கள்: 11, 5.5, 3.7, 2.75, 2.2. இப்படி வைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் எடைமையம் விளிம்புக்கு 1 செ.மீ. உள்ளே பத்திரமாக இருக்கும். ஐந்து புத்தகத்தில் மொத்தம் 25 செ.மீ. தாண்டும். நாங்கள் இப்படித்தான் நிறுத்தினோம். அப்படியும் விழுந்தால் எத்தனை புத்தகங்கள் சேர்ந்து சரிந்தன என்று பாருங்கள். அவற்றுக்கு அடியில்தான் தள்ளியது அதிகமாகியிருக்கும். மெல்லிய அட்டைப் புத்தகங்கள் வளைந்து தொங்குவதால் அவை இதற்குச் சரிப்படாது.

"இன்னும் புக்கு வச்சா இன்னும் போகுமா?" என்றாள்.

போகும், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும். இங்கேதான் கணிதம் நம் உள்ளுணர்வை மீறுகிறது. ஐந்தாவது புத்தகம் தருவது 12-ல் ஐந்தில் ஒரு பங்கு, நூறாவது தருவது நூறில் ஒரு பங்கு, வெறும் 1.2 மி.மீ. இவ்வளவு சுருங்கும் எண்களைக் கூட்டினால் எங்கோ ஓரிடத்தில் தேங்கிவிடும் என்றே தோன்றும். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று நீளும் இந்த இசைத்தொடர் தேங்காது என்பதை 1350 வாக்கில் பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் ஓரேம் காட்டிவிட்டார். அவர் வழி பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். 1/3, 1/4 இரண்டில் எதுவும் 1/4-க்குக் குறைவில்லை. எனவே கூட்டினால் அரைக்கு மேல். 1/5 முதல் 1/8 வரை நான்கு எண்கள், எதுவும் 1/8-க்குக் குறைவில்லை. அதுவும் அரைக்கு மேல். அடுத்த எட்டு எண்களும் அப்படியே, அதற்கடுத்த பதினாறும் அப்படியே. அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும்போது கூட்டுத்தொகைக்கு எல்லை எங்கே?

ஆனால் ஒவ்வொரு அரைக்கும் முன்னதைப்போல் இரு மடங்கு புத்தகங்கள் வேண்டும். ஒரு புத்தக நீளத்தைத் தாண்ட 4 போதும், இரண்டு நீளத்துக்கு 31, மூன்று நீளத்துக்கு 227. ஒரு புத்தகம் 2 செ.மீ. தடிமன் என்றால் 227 புத்தகங்கள் நாலரை மீட்டர் உயரம் வரும், வீட்டுக் கூரையை இடிக்கும்.

ஒரு அடுக்குக்கு ஒரு புத்தகம்தான் என்பது இந்தக் கணக்கின் நிபந்தனை. அதைத் தளர்த்தினால் விடை மாறும். மூன்று புத்தகம் ஒற்றை அடுக்கில் 22 செ.மீ. வரைதான் போகும். ஆனால் ஒன்றைப் பாதி வெளியே வைத்து, அதன் இரு முனைகளிலும் ஒவ்வொன்றைப் பாதி நீட்டி வைத்தால், உள்பக்கப் புத்தகம் எதிர் எடையாகி, சரியாக 24 செ.மீ. கிடைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும், ஒரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.