பூட்டிய கணக்கும் பிறர் ஒட்டும் பெயரும்

வோபர்ன் பகுதியில், மார்க்கம் வீதியை அண்டிய மாடிக் குடியிருப்புகளில் வாழும் எம்மவரிடம் இன்ஸ்ரகிராம் பற்றிக் கேட்டால், "எங்கள் கணக்கு பூட்டித்தான் இருக்கிறது" என்ற பதிலையே பெரும்பாலும் கேட்கிறோம். ஆனால் அந்தப் பூட்டு நாம் இடும் படங்களை மட்டுமே காக்கும். பிறர் இடும் படத்தில் எமது பெயர் ஒட்டப்பட்டால் அது உதவாது.

அகதிக் கோரிக்கை முடிவாகாத இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நவம்பர் மாத நினைவு நிகழ்வொன்றில் அவர் பின்வரிசையில் நிற்கிறார். நண்பர் படமெடுத்து, யாவரும் பார்க்கக்கூடிய தமது கணக்கில் இட்டு, அவரது பெயரையும் இணைத்துவிடுகிறார். இதைத்தான் 'டேக்' செய்தல் என்கிறார்கள். இளைஞரின் கணக்கு பூட்டியிருந்தாலும், படத்தைத் தொடுவோர் அனைவருக்கும் அவரது கணக்குப் பெயர் தெரியும். அதை அழுத்தினால் முகப்புப் படமும், அவர் இட்ட பெயரும், தன்னைப் பற்றி எழுதிய வரிகளும் தெரியும்.

இது வீண் அச்சமன்று. பிரித்தானியாவின் மேல் தீர்ப்பாயம் 2021இல் 'கே.கே. மற்றும் ஆர்.எஸ்.' என்ற இலங்கையர் வழக்கில், புலம்பெயர் அமைப்புகளுக்குள் ஊடுருவியும், ஆர்ப்பாட்டங்களைப் படம்பிடித்தும், இணையத்தையும் சமூக ஊடகங்களையும் கண்காணித்தும் இலங்கை அரசு தகவல் திரட்டுகிறது என்று கண்டது. கூட்டத்துக்குப் போன அனைவருக்கும் ஆபத்து என்று அது கூறவில்லை. செயற்பாட்டில் ஒருவரின் பங்கு முக்கியமானது என இலங்கை அரசு கருதுமா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. எனினும் பின்வரிசையில் நின்றவரை ஏற்பாட்டாளர் போலக் காட்ட ஓர் ஒட்டிய பெயர் போதும்.

ஆகவே முதலில் திறக்க வேண்டியது அமைப்புப் பக்கத்திலுள்ள Tags and mentions என்ற பகுதி. அங்கே யார் எமது பெயரை இணைக்கலாம் என்ற கேள்விக்கு Don't allow tags என்பதைத் தெரிவுசெய்தால் எவராலும் இணைக்க முடியாது. Manually approve tags என்பதை மட்டும் இயக்கிவிட்டு நிம்மதியடைவோர் பலர். அது, படம் எமது பக்கத்தில் தோன்றுவதை மட்டுமே எமது அனுமதிக்காக நிறுத்திவைக்கும். நண்பரின் படத்தில் எமது பெயர் அப்படியே நிற்கும்.

புதிய தடை பழைய படங்களைத் தொடாது. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, எமது பெயரை அழுத்தி, Remove me from post என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். அருகிலுள்ள Hide from my profile என்பது எமது பக்கத்திலிருந்து மட்டும் மறைக்கும். இரண்டையும் மாற்றிக் குழப்பிக்கொள்ளலாகாது. பெயர் நீங்கினாலும் முகம் படத்தில் இருக்கும். அதை நீக்கும்படி நண்பரிடம் கேட்க வேண்டும்.

Account privacy பகுதியில் Private account என்று பூட்டும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே பின்தொடர்வோர் உள்ளேயே இருப்பார்கள். பட்டியலைப் பார்த்து அறியாதோரை நீக்க வேண்டும். நீக்கியதாக அவர்களுக்கு அறிவிப்புப் போகாது.

கருத்துகளில் வசை மட்டும் வருவதில்லை. எமக்கு அதிகம் கவலை தருவது அன்பினால் எழுதப்படும் வரிகள்தான். "தம்பி, வவுனியாவிலிருந்து எப்ப போனனீ? இப்ப எல்ஸ்மியரிலயோ இருக்கிறாய்?" என்று மாமா ஒருவர் எழுதினால், ஊரும் இருப்பிடமும் ஒரே வரியில் வெளியாகிவிடும். Hidden Words என்ற பகுதியில் நாமே சொற்பட்டியல் அமைக்கலாம். ஊர்ப்பெயர், தந்தையின் பெயர், வீதிப்பெயர் ஆகியவற்றை அங்கே எழுதிவைத்தால், அச்சொற்கள் கொண்ட கருத்துகள் மறைக்கப்படும். எம்மவர் ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுதுவதால் வவுனியா, Vavuniya, Vavuniyaa என்று ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். 'வவுனியாவில்' போன்ற உருபேற்ற வடிவங்களையும் சேர்ப்பது நல்லது. இந்த வடிகட்டி எமது படங்களின் கீழ் மட்டுமே இயங்கும். மாமாவின் படத்தின் கீழ் அவர் எழுதுவதை அது தடுக்காது. மாமாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வதே அங்கே உதவும்.

பிள்ளைகள் ஓரளவு பாதுகாப்பாக உள்ளனர். 2024 செப்டெம்பரில் கனடா உட்பட்ட சில நாடுகளில் அறிமுகமான பதின்மவயதினர் கணக்குகள் தொடக்கத்திலேயே பூட்டப்பட்டவை. அவர்கள் பின்தொடர்வோர் மட்டுமே அவர்களது பெயரை இணைக்கலாம். ஆனால் மகளின் கணக்கு பூட்டியிருக்க, தாயின் கணக்கு திறந்திருந்தால், தாய் இடும் பிறந்தநாள் படம் மகளின் முகத்தையும் வீட்டு முகப்பையும் ஊருக்கே காட்டிவிடும்.

அகதிக் கோரிக்கை நடப்பில் உள்ளோர் இவற்றுள் எதையும் அவசரப்பட்டு அழிக்கலாகாது. ஒருவர் நாட்டை விட்டு வந்த பின் இங்கு செய்தவையும் கோரிக்கையில் ஆராயப்படலாம். படம், அதை இட்டவரின் கணக்குப் பெயர், திகதி, கீழுள்ள கருத்துகள் ஆகியன தெரியும்படி திரையைப் படமெடுத்துச் சட்டத்தரணியிடம் காட்டிய பின்னரே பெயரை நீக்கவேண்டும்.