வர முடியாது என்று எப்படி எழுதுவது?

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், நான்கு முனையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. தம்பியும் தம்பி மனைவியும் வாசலில் நிற்கிறார்கள். மகளுக்குக் கல்யாணம். அக்காதான் பெண்ணுக்கு மூத்த அத்தை. ஆனால் இந்த இரு வீடுகளுக்கும் எட்டு வருடமாகப் போக்குவரத்து இல்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, வீட்டை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அக்கா மறுத்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பேசக்கூடாத வார்த்தையெல்லாம் பேசினார்கள். அதன்பிறகு இன்றுதான் வந்திருக்கிறார்கள்.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து, பேசுவதற்காக எடுத்துக்கொண்ட உதாரணம். தகராறின் வேர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லாவிட்டால் மகளுக்கும் மகனுக்கும் சமமாகப் போகும் என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் திருத்தியது. அப்போது, அதற்கு முன்பே திருமணமான பெண்களை அது விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்திய அரசின் திருத்தம் எல்லா மகள்களையும் உள்ளே கொண்டுவந்தது. சட்டம் மாறினாலும் வழக்கம் மாறவில்லை. 'பொறந்த பொண்ணு பங்கு கேப்பாளா?' என்ற கேள்வியோடு விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். போட மறுத்தவள் குடும்பத்துக்கு எதிரி ஆகிவிடுகிறாள்.

அந்த அக்காவுக்கு மண்டபத்தில் போய் நிற்க மனம் ஒப்பவில்லை. அதில் குற்றம் எதுவும் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல். சொல்லும் விதம் தவறினால் எட்டு வருடச் சண்டை பதினாறு வருடம் ஆகும். அதோடு, சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத கல்யாணப் பெண்ணும் அதற்குள் இழுக்கப்படுவாள்.

முதல் வேலை தாம்பாளத்தைக் கையில் வாங்கிக்கொள்வது. பத்திரிகையை வாங்கினால் வருவதாக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்துச் சிலர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பத்திரிகையை வாங்குவது வீடு தேடி வந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. வருவதும் வராததும் வேறு பேச்சு. வாங்காமல் அனுப்பினால் ஊரெல்லாம் அதைத்தான் பேசும். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தேதியும் மண்டபமும் கேட்டுக்கொண்டால் போதும். 'கட்டாயம் வந்துடணும்' என்று அவர்கள் சொல்லும்போது தலையாட்ட வேண்டாம். 'நான் சொல்லி அனுப்புறேன்' என்ற ஒரு வாக்கியம் போதும்.

பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் பதில் போய்விட வேண்டும். முந்தின நாள் மாலையில் அனுப்புகிற செய்தி எவ்வளவு பணிவாக இருந்தாலும் அடியாகத்தான் விழும். அதற்குள் அத்தை வைக்க வேண்டிய நலங்குக்கு ஆள் பார்த்திருப்பார்கள். சம்பந்தி வீட்டாரிடம் 'பெரிய அத்தை வர்றாங்க' என்று சொல்லியும் இருப்பார்கள். தம்பி தலைகுனிந்து நிற்பது அந்த இடத்தில்தான்.

இனிச் செய்தி. ராத்திரி தூக்கம் வராமல் எழுதும் முதல் வரைவு அனேகமாக இப்படி இருக்கும்:

'தம்பி, அப்பா காரியத்தன்னைக்கு நீயும் உன் பொண்டாட்டியும் பேசுன பேச்சை நான் இன்னும் மறக்கல. கையெழுத்துப் போடலன்னதும் அக்கான்னு தெரியல, இப்ப மட்டும் அத்தை வேணுமா? பாப்பா மேல எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கும் உடம்பு சரியில்ல. முடிஞ்சா பார்க்கிறேன்.'

இதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இந்தச் செய்தி தன் வேலையைச் செய்யாது. முதல் இரண்டு வாக்கியங்கள் பழைய வழக்கைத் திறக்கின்றன. அன்றைக்கு யார் முதலில் பேசினார்கள் என்று தம்பி பதில் எழுதுவார், கல்யாணப் பேச்சு அங்கேயே காணாமல் போகும். 'உடம்பு சரியில்ல' என்பது முன்னால் சொன்ன காரணத்தையே பொய்யாக்கிவிடுகிறது. அதோடு, உடம்பு சரியில்லை என்றால் நம் ஊரில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு யாராவது பார்க்க வந்துவிடுவார்கள். அவர்கள் வரும்போது நாம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தால், பழைய சண்டையில் நம் பக்கம் இருந்த நியாயமும் அன்றோடு போகும். 'முடிஞ்சா பார்க்கிறேன்' என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதைக் கேட்டவர் வருகிறார் என்றே எடுத்துக்கொள்வார். மறுபடி மறுபடி போன் வரும். ஒவ்வொரு போனிலும் நாம் புதிதாக மறுக்க வேண்டியிருக்கும்.

அதே அக்கா ஒரு நாள் ஆறப்போட்டு எழுதினால் இப்படி வரும்:

'தம்பி, நீங்க ரெண்டு பேரும் வீடு தேடி வந்து பத்திரிகை வச்சது எனக்குச் சந்தோஷம். பாப்பா கல்யாணத்துக்கு என்னால வர முடியாது. பழசு இன்னும் மனச விட்டுப் போகல, அங்க வந்து சிரிச்ச முகமா நிக்க முடியாது. இதுல பாப்பாவுக்கோ மாப்பிள்ளைக்கோ எந்தச் சம்பந்தமும் இல்ல. மாமாவும் பையனும் முகூர்த்தத்துக்கு வருவாங்க, செய்முறைய அவங்க செஞ்சிருவாங்க. நலங்கு வைக்கப் பெரியப்பா மகளச் சொல்லிக்கோ. கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு கும்பிட்டுக்கிறேன். அக்கா.'

வந்து அழைத்ததை முதலில் ஏற்றுக்கொள்கிறது இந்தச் செய்தி. எட்டு வருடம் கழித்து வாசல் ஏறியது தம்பிக்கும் எளிதாக இருந்திருக்காது. இரண்டாவது வாக்கியத்தில் மறுப்பு வந்துவிடுகிறது. அதில் 'ஆனால்' இல்லை, 'பார்க்கலாம்' இல்லை. மூன்றாவதில் உண்மையான காரணம் இருக்கிறது. ஆனால் அது முழுக்க முழுக்கத் தன்னைப் பற்றியது. 'நீ செஞ்சதால' என்று எழுதினால் தம்பி மறுத்துப் பேச வேண்டியிருக்கும். 'என்னால நிக்க முடியாது' என்பதை யாரும் மறுக்க முடியாது. அடுத்து, மணமக்கள் இதில் இல்லை என்று தனியாகச் சொல்லிவிடுகிறார். அதை எழுத்தில் சொல்லாவிட்டால், 'எங்க பொண்ணு நல்லா இருக்கிறது அவளுக்குப் பொறுக்கல' என்ற பேச்சு மண்டபத்திலேயே பிறந்துவிடும். கடைசியாக, தான் வராததால் காலியாகும் இடத்துக்கு யார் என்றும் அவரே சொல்லிவிடுகிறார்.

எழுதாமல் விட்டவையும் முக்கியம். சொத்து பற்றி ஒரு சொல் இல்லை. நெகிழ்ச்சியில் 'எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம், நிம்மதியா விடுங்க' என்று எழுதிவிடுகிற பெண்கள் உண்டு. அசையாச் சொத்தில் உள்ள உரிமையை வாட்ஸ்அப் செய்தியால் விட்டுக்கொடுத்துவிட முடியாது, அதற்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். ஆனாலும் வழக்கு என்று வந்தால் அந்தச் செய்தியைச் சான்றாகக் காட்டலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும், முந்தைய சாட்சியச் சட்டத்தைப் போலவே, மின்னணுப் பதிவுகளை ஏற்கிறது. வழக்கு நடந்துகொண்டிருந்தால் கல்யாணச் செய்தியில் கல்யாணம் மட்டுமே இருக்கட்டும். 'இனி எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன்' என்ற வாக்கியமும் வேண்டாம். மறுப்பது இந்த ஒரு நாளுக்கு மட்டும்தான். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பது நம் ஊர் வழக்கு. அந்த நாள் வரும்போது அக்காவே எழுதிய வாக்கியம் அவரைத் தடுக்கக்கூடாது.

இந்தச் செய்தி தம்பிக்கு மட்டும் போக வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது அறிவிப்பாகிவிடும். பார்த்த ஒவ்வொருவரும் பஞ்சாயத்து பண்ண வருவார்கள். கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் தனியாக இரண்டு வரி: 'பாப்பா, அத்தையால வர முடியல. அது உன்னால இல்ல. கல்யாணம் முடிஞ்சு நீயும் மாப்பிள்ளையும் நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வரணும்.' விருந்துக்கு உண்மையிலேயே அழைக்க மனம் இருந்தால் மட்டும் கடைசி வரியை எழுதலாம். இல்லையென்றால் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

மொய்யை மறக்கக்கூடாது. அக்கா மகன் கல்யாணத்தில் தம்பி 5,001 ரூபாய் எழுதியிருந்தால் மொய் நோட்டில் அது இருக்கும். அதைத் திருப்பிச் செய்யாமல் விட்டால், நியாயமான மனவருத்தம் 'வாங்குனதத் திருப்பித் தராதவ' என்ற பேச்சாக மாறிவிடும். வாங்கியதற்குக் கொஞ்சம் கூடவே, கணவர் பெயரில், மண்டபத்திலேயே எழுதச் சொல்வது நல்லது. கணக்கும் தீரும், வீட்டிலிருந்து ஆள் வந்ததற்கு எழுத்திலும் சாட்சி இருக்கும்.

செய்தி போனதும் பதில் வரும், பெரும்பாலும் தம்பியிடமிருந்து அல்ல. ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ கூப்பிடுவார். 'சின்னப் பொண்ணு கல்யாணத்துலயா பழசக் காட்டுறது?' என்பார். அப்போது எட்டு வருடக் கதையை முதலிலிருந்து சொல்லத் தோன்றும். சொல்ல வேண்டாம். 'தம்பிகிட்ட சொல்லிட்டேன் பெரியம்மா. வீட்டுக்காரர் வர்றாரு. கல்யாணம் நல்லா நடக்கட்டும்' என்ற ஒரே பதிலை, யார் கேட்டாலும், ஒரே குரலில் சொல்லலாம். ஒவ்வொருவருக்கும் வேறு காரணம் சொன்னால் அவர்கள் மண்டபத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இந்த வழி செல்லாத இடமும் உண்டு. மறுப்பவர் தாய்மாமனாக இருந்தால் செய்தி மட்டும் போதாது. சீர் கொண்டுவர வேண்டியவர், பல சமூகங்களில் மாலை போடவும் கைபிடித்து அழைத்து வரவும் வேண்டியவர் அவர். அவர் வராதது சபைக்கே தெரியும். அவர் இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரை வைத்து, தேதி குறிக்கும் கட்டத்திலேயே நேரில் சொல்ல வேண்டும். தன் இடத்தில் நிற்கப் பங்காளியில் ஒருவரைக் காட்டி, சீரை அவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். எழுத்து அதற்குப் பிறகுதான்.

தம்பி ஒருவேளை 'நான் அன்னைக்குப் பேசுனது தப்புதான், வாக்கா' என்று பதில் எழுதலாம். அப்போது போவதா வேண்டாமா என்பதை அந்த அக்காதான் முடிவு செய்ய வேண்டும். போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. ஆனால் அந்தப் பதில் வருவதற்கு இடம் விட்ட செய்தியை அவர் அனுப்பியிருக்க வேண்டும். பழி சொல்லி எழுதியவருக்கு அப்படிப் பதில் வருவதில்லை. எனவே எழுதியதை ஒரு ராத்திரி வைத்திருந்து, காலையில் படித்து, தம்பியைக் குறைசொல்லும் வாக்கியம் எதுவோ அதை அடித்துவிட்டு அனுப்புங்கள்.